பொறுப்பு அவருக்கு, முடிவு உங்களுக்கு

கேள்வி:

திருப்பூரில் அப்பா தொடங்கிய பனியன் ஏற்றுமதி நிறுவனத்தை ஆறு ஆண்டுகளாக நான் நடத்துகிறேன். 190 பேர் வேலை செய்கிறார்கள். பேக்டரி மேனேஜர், இரண்டு மெர்ச்சன்டைசர்கள், துணிப் பிரிவு, கட்டிங் மாஸ்டர், சாம்பிள், தரம், பேக்கிங், ஸ்டோர், மெக்கானிக், ஏற்றுமதி ஆவணம், கணக்கு, டைம் ஆபீஸ், செக்யூரிட்டி என 14 பேர் நேரடியாக என்னிடம்தான் வருகிறார்கள். ‘ஒருவருக்குக் கீழே ஆறு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, அதிகாரத்தைப் பிரித்துக் கொடு’ என்கிறார் நிர்வாகம் படித்த நண்பர். கொடுத்துப் பார்த்துவிட்டேன். ‘இனி ஷிப்மென்ட் முழுக்க உங்கள் பொறுப்பு’ என்று சென்ற ஆண்டு பேக்டரி மேனேஜரிடம் சொன்னேன். மூன்றாவது மாதமே நிறம் மாறி வந்த துணியை (எங்கள் தாய்மாமாவின் பட்டறையில் சாயமேற்றியது) அப்படியே வெட்டக் கொடுத்துவிட்டார். பையர் 2,400 பீஸை ஒதுக்கிவிட்டார். அன்றிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி நானே பார்க்கிறேன். ஆட்களைக் குறைப்பதா, மேனேஜரை மாற்றுவதா? எதுவரை அதிகாரம் கொடுக்கலாம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்:

உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் நான்கு சொற்கள் இருக்கின்றன. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்தத் துணி வந்து இறங்கிய நாளில் மேனேஜர் முன்னால் என்னென்ன வழிகள் இருந்தன என்று பார்ப்போம். சிலவற்றை ஊகித்தே எழுதுகிறேன், தவறாக இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். முதல் வழி, துணியைத் திருப்பி அனுப்பி மறுசாயம் போடச் சொல்வது. ஆனால் பட்டறை உங்கள் தாய்மாமாவுடையது. அதைத் தேர்ந்தெடுத்தவர் நீங்கள், பில் கொடுப்பவரும் நீங்கள். சம்பளத்துக்கு இருக்கும் ஒருவர் முதலாளியின் மாமாவிடம் ‘உங்கள் துணி சரியில்லை, வண்டியைத் திருப்புங்கள்’ என்று எப்படிச் சொல்வார்? இரண்டாவது வழி, இந்த நிற வேறுபாட்டை ஏற்றுக்கொள்வீர்களா என்று பையரிடம் ஒரு துண்டை அனுப்பிக் கேட்பது. அது மெர்ச்சன்டைசர் கையில் இருக்கிறது, மெர்ச்சன்டைசரோ மேனேஜரிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறார். மூன்றாவது வழி, ரோல்களை லைட் பாக்ஸில் வைத்து, பையர் முன்பே ஒப்புதல் தந்த நிற மாதிரியான லேப் டிப்போடு ஒப்பிட்டு, நிறவாரியாகப் பிரித்துத் தனித்தனியாக வெட்டுவது. அப்படிச் செய்தால் ஒரே சட்டையில் உடல் ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று வராது. ஆனால் இதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். கட்டிங் மாஸ்டரும் மேனேஜருக்குக் கீழே இல்லை. தேதி தவறினால் மாட்டுபவர் மட்டும் மேனேஜர்.

கடைசி வழி, துணியை அப்படியே விட்டுவிடுவது. யாரிடமும் கேட்காமல் அவரால் எடுக்க முடிந்த ஒரே முடிவு அதுதான். அதைத்தான் எடுத்தார்.

நீங்கள் அதிகாரத்தை ஒப்படைத்துப் பார்த்துத் தோற்றதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஒப்படைத்தது பொறுப்பை மட்டும். பொறுப்பை ஒரு கூட்டத்தில் ஒரே வாக்கியத்தில் கொடுத்துவிடலாம். அதிகாரம் அப்படிப் போகாது. அது பட்டறைத் தேர்விலும் காசோலைப் புத்தகத்திலும் ‘இவர் யாரிடம் பதில் சொல்ல வேண்டும்’ என்பதிலும் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துத்தான் கொடுக்க வேண்டும்.

ஹென்றி ஃபயோல் என்ற பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளர், மூழ்கும் நிலையில் இருந்த ஒரு சுரங்க, உலோக நிறுவனத்தை 1888-இல் ஏற்று முப்பது ஆண்டுகள் நடத்தினார். அந்த அனுபவத்தை 1916-இல் 14 கொள்கைகளாக எழுதினார். கல்லூரிகளில் இவற்றை வரிசையாக மனப்பாடம் செய்யவைப்பதால் பலருக்கு இவை பரீட்சையோடு போய்விடுகின்றன. அதிகாரமும் பொறுப்பும் பிரியாது என்பது அவற்றில் ஒன்று. அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கே பொறுப்பும் பிறக்கிறது என்பது அவர் கருத்து. அவர் எச்சரித்தது பெரும்பாலும் அதிகாரத்தை விரும்பிப் பொறுப்புக்குப் பயப்படுபவர்களை. நம் ஊர்க் குடும்ப நிறுவனங்களில் நான் அதிகம் பார்ப்பது இதன் மறுபக்கம்: பொறுப்பு கீழே போய்விடுகிறது, அதிகாரம் மேலேயே தங்கிவிடுகிறது.

நானும் அந்த மறுபக்கத்தில் இருந்தவன்தான். இருபத்தெட்டு வயதில் ஒரு ஆலையில் உற்பத்தி மேலாளராக இருந்தேன். தேதி தவறினால் திட்டு எனக்கு. தையல் ஊசி தீர்ந்தால் முதலாளி கையெழுத்து வேண்டும். அவர் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் ஓவர்லாக் ஊசி வாங்க முடியாமல் ஒரு லைன் முக்கால் நாள் நின்றது. நான் கற்றுக்கொண்டது என்ன தெரியுமா? ஊசியைப் பதுக்குவது. கணக்கில் காட்டாமல் என் மேஜை இழுப்பறையில் எப்போதும் பத்து பாக்கெட் வைத்திருந்தேன். அதிகாரம் இல்லாத இடத்தில் பொறுப்பை வைத்தால் மனிதர்கள் பொய்க் கணக்கு எழுதுவார்கள், இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடுவார்கள். உங்கள் மேனேஜர் இரண்டாவதைச் செய்தார்.

மெர்ச்சன்டைசர் பக்கம் நேர் எதிரான கோணல் இருக்கும் என்று நினைக்கிறேன். பையரிடம் ‘20-ஆம் தேதி அனுப்பிவிடுவோம்’ என்று ஒப்புக்கொள்ளும் அதிகாரம் அவருக்கு உண்டு. அந்தத் தேதியில் தையல் லைன் காலியாக இருக்கிறதா என்பதற்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. தேதி கொடுப்பவர் ஒருவர், தேதிக்கு அடி வாங்குபவர் இன்னொருவர். மேனேஜரின் ஒப்புதல் இல்லாமல் தேதி உறுதியாகாது என்ற ஒரே விதி இதில் பாதியைச் சரிசெய்யும்.

இனி உங்கள் நண்பர் சொன்ன ஆறு. ஒரு மேலாளர் நேரடியாக எத்தனை பேரைக் கவனிக்க முடியும் என்பதைக் கட்டுப்பாட்டு வீச்சு என்பார்கள். ஐந்து, மிஞ்சினால் ஆறு என்ற எண்ணைப் பரப்பியவர் லிண்டால் உர்விக் என்ற பிரிட்டிஷ் ஆலோசகர். ஆனால் அவர் அதற்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: ஒருவர் வேலை இன்னொருவர் வேலையோடு பின்னிக் கிடந்தால்தான் அந்த வரம்பு. சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த நிபந்தனையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொல்கிறார்கள்.

இதற்கு ஆதாரம் உங்கள் கூரைக்குக் கீழேயே இருக்கிறது. ஒரு லைன் சூப்பர்வைசர் முப்பது, நாற்பது டெய்லர்களைச் சமாளிக்கிறார். நீங்கள் 14 பேரோடு மூச்சு வாங்குகிறீர்கள். அவர் உங்களைவிடத் திறமைசாலி என்று அர்த்தமில்லை. டெய்லர்கள் செய்வது தினமும் ஒரே மாதிரி வேலை, தவறு உடனே கண்ணுக்குத் தெரியும், ஒரு டெய்லரின் சந்தேகத்தைத் தீர்க்க இன்னொருவரைக் கூப்பிட வேண்டிய தேவை அதிகம் இருக்காது. ஜோன் உட்வர்ட் 1950-களில் இங்கிலாந்தின் தெற்கு எஸ்ஸெக்ஸ் பகுதித் தொழிற்சாலைகளில் ஆராய்ந்தபோது இதையேதான் கண்டார். பெருமளவில் ஒரே பொருளைச் செய்யும் ஆலைகளில் முதல்நிலை மேற்பார்வையாளர் ஒருவருக்குக் கீழே சராசரியாக 48 பேர் இருந்தார்கள். ஒவ்வொன்றாக ஆர்டருக்குச் செய்யும் இடங்களில் 23, ரசாயனம் போன்ற தொடர் உற்பத்தி ஆலைகளில் 15. சரியான எண் என்று ஒன்று கிடையாது. வேலையின் தன்மைதான் எண்ணைத் தீர்மானிக்கிறது.

உங்கள் 14 பேர் விஷயம் வேறு. அவர்கள் வேலை முழுக்க ஒன்றோடொன்று பின்னியது. துணி தாமதமானால் கட்டிங் மாஸ்டர் வருவார், அவரால் பேக்கிங் வரும், பேக்கிங்கால் ஆவணம் வரும். லிதுவேனிய வம்சாவளியைச் சேர்ந்த கிரேகூனாஸ் என்ற ஆலோசகர் 1933-இல் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். 14 பேர் என்றால் உங்களுக்கு 14 நேரடி உறவுகள் மட்டும் இல்லை. ஒவ்வொருவரும் மற்ற 13 பேரோடு கொள்ளும் உறவும் உங்கள் கவனத்துக்கு வரக்கூடியது, அது 14 × 13 = 182. கூட்டாக வரும் சேர்க்கைகளையும் சேர்த்தால் அவருடைய சூத்திரப்படி 1,14,870. அந்தக் கடைசி எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், காகிதத்தில் சாத்தியமான எல்லாச் சேர்க்கைகளும் அதில் அடங்கும், நடைமுறையில் அவ்வளவு நேராது. ஆனால் 182 உண்மையான எண். மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட வைப்பது அதுதான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிப் பிரிப்பேன். துணிப் பிரிவு, கட்டிங், பேக்கிங், ஸ்டோர், மெக்கானிக் ஐவரும் பேக்டரி மேனேஜரிடம் போகட்டும். மூத்த மெர்ச்சன்டைசரிடம் இளையவரும் சாம்பிளும். கணக்கரிடம் ஏற்றுமதி ஆவணம், டைம் ஆபீஸ், செக்யூரிட்டி. உங்களிடம் நேராக வருபவர்கள் நால்வர்: மேனேஜர், மூத்த மெர்ச்சன்டைசர், கணக்கர், பிறகு தரம் பார்ப்பவர். குறுக்கு உறவுகள் 182-இலிருந்து 12 ஆகின்றன.

தரத்தை ஏன் மேனேஜருக்குக் கீழே வைக்கவில்லை என்று கேட்பீர்கள். தேதிக்குப் பதில் சொல்பவரிடமே தரத்தையும் கொடுத்தால், மாதக் கடைசியில் தேதிதான் ஜெயிக்கும். எனவே துணி சரியா தவறா என்று சொல்வது தரம் பார்ப்பவர். தவறு என்றால் மறுசாயமா, நிறவாரியாகப் பிரித்து வெட்டுவதா என்று தீர்மானிப்பது மேனேஜர். பையரிடம் கேட்பது மெர்ச்சன்டைசர். மூவரும் உங்களிடம் வராமல் தங்களுக்குள்ளேயே பேசி முடிக்கலாம். இதை அனுமதிப்பதும் ஃபயோல் சொன்னதுதான். ஒரே மட்டத்தில் இருப்பவர்கள் மேலே ஏறி இறங்காமல் நேராகப் பேச ஒரு பாலம் இருக்கலாம், மேலதிகாரிகளுக்கு அது தெரிந்திருந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. முடிவெடுக்கும் உரிமையை நகர்த்தாமல் இந்தப் படிநிலையை மட்டும் வரைந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். கட்டிங் மாஸ்டர் மேனேஜரிடம் கேட்பார், மேனேஜர் உங்களிடம் கேட்பார், பதில் அதே வழியில் இறங்கும். முன்பு ஐந்து நிமிடத்தில் முடிந்த விஷயத்துக்கு அரை நாள் ஆகும். இடையில் நீங்கள் வைத்தது தபால்காரரை.

எனவே படம் வரைவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டு வையுங்கள். உங்களிடம் வந்து ‘என்ன செய்யலாம்?’ என்று யார் எதைக் கேட்டாலும் ஒரு வரி எழுதுங்கள், அதற்கு நீங்கள் சொன்ன பதிலையும் எழுதுங்கள். முடிந்ததும் ஒவ்வொரு வரியையும் இரண்டு கேள்விகளால் சலியுங்கள். இதில் தவறான முடிவு எடுத்தால் எவ்வளவு போகும்? அதைத் திருத்த முடியுமா? நீங்கள் எப்போதும் ஒரே பதிலைச் சொன்ன கேள்விகளைத் தனியே குறித்துவையுங்கள். அவற்றுக்கு நீங்கள் தேவையில்லை, ஒரு எழுதிய விதி போதும்.

மிச்சத்தை மூன்றாகப் பிரியுங்கள். செய்துவிட்டுச் சொல்லவே தேவையில்லாதவை, செய்துவிட்டு அன்றே சொல்ல வேண்டியவை, கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டியவை. ஊசி, பெல்ட், அட்டைப்பெட்டி முதல் வகை. பண வரம்பை மனம்போனபடி வைக்க வேண்டாம். கடந்த மூன்று மாத வவுச்சர்களைத் தொகையின்படி அடுக்கிப் பாருங்கள். நான் பார்த்த கம்பெனிகளில் எண்ணிக்கையில் பெரும்பகுதி சில்லறைத் தொகைகள், மொத்தச் செலவில் அவற்றின் பங்கு சிறியது. அந்தக் கோடு எங்கே விழுகிறதோ அதுதான் வரம்பு.

இரண்டாவது வகைக்கு ஒரு கணக்கு. 2,400 பீஸ் தாமதமாகிறது, வெளியே ஜாப் ஒர்க் கொடுத்தால் பீஸுக்கு இரண்டு ரூபாய் கூடுதல். செலவு 4,800 ரூபாய். கொடுக்கவில்லை, கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்ப வேண்டி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேக்கிங்கோடு ஒரு பீஸ் 200 கிராம் என்றால் 480 கிலோ. கிலோவுக்கு 250 ரூபாய் என்று எடுத்தாலே 1,20,000 ரூபாய். 4,800 ரூபாய்க்கு உங்கள் அனுமதி வேண்டி மேனேஜர் ஒரு நாள் காத்திருந்தால், அந்த ஒரு நாளின் விலை எவ்வளவு என்று பாருங்கள். எனவே பீஸுக்கு இவ்வளவு வரை கூடுதல் கூலி, ஒரு ஆர்டரின் துணி மதிப்பில் இவ்வளவு சதவீதம் வரை மறுசாயச் செலவு என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாய்மொழி வேண்டாம். கட்டிங் மாஸ்டரும் பட்டறைக்காரரும் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் தெரிந்த அதிகாரத்தை மற்றவர்கள் மதிக்க மாட்டார்கள்.

மூன்றாவது வகையை உங்களிடமே வைத்துக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை. மையப்படுத்துதல் என்றாலே பிற்போக்கு என்று இப்போது ஒரு பேச்சு இருக்கிறது. ஃபயோல் அப்படிச் சொல்லவில்லை. அதை நல்லது கெட்டது என்று பார்க்காமல் அளவு பற்றிய விஷயமாகவே அவர் பார்த்தார். பையரிடம் விலை பேசுவது, புதுப் பையருக்குக் கடன் தவணை கொடுப்பது, வங்கி, கூலி உயர்வு ஆகியவை உங்களிடம் இருக்கட்டும். நூலும் அப்படித்தான். நூல் விலை அடிக்கடி மாறுகிறது, எல்லா ஆர்டருக்கும் சேர்த்து ஒரே ஆள் பேசினால்தான் மில்லிடம் பேரம் பேச முடியும். ஆர்டர்வாரியாக ஆளாளுக்கு வாங்கினால் அந்தப் பலம் போய்விடும். ஆனால் துணி சரியில்லை என்பது அது வந்து இறங்கிய தளத்தில்தான் தெரியும், அங்கேதான் அவசரமும். அதை மாடியில் வைத்துக்கொள்ள முடியாது.

இவ்வளவு செய்தாலும் மேனேஜரின் பொறுப்பும் அதிகாரமும் முழுக்கச் சமமாகாது. பட்டறையில் வரிசை நீள்வது, மின்சாரம் போவது, துறைமுகத்தில் தேங்குவது எதுவும் அவர் கையில் இல்லை. அந்த இடைவெளிக்கு ஒரு கதவு வையுங்கள். தன்னால் முடியாதது வரும்போது அவர் எழுத்தில் உங்களுக்குச் சொல்ல வேண்டும், என்ன செய்யப்போகிறேன் என்பதையும் சேர்த்து. நான்கு மணி நேரத்தில் உங்களிடமிருந்து பதில் வராவிட்டால் அவர் சொன்னதே முடிவு. சொன்ன பிறகு தவறு நடந்தால் பழி இருவருக்கும். சொல்லாமல் மறைத்தால் அவருக்கு மட்டும்.

பையரிடம் மட்டும் இந்தப் பிரிவினை செல்லாது. ‘என் மேனேஜர் செய்துவிட்டார்’ என்று நீங்கள் அங்கே சொல்ல முடியாது. வேலையை ஒப்படைக்கலாம், அதற்கான அதிகாரத்தை ஒப்படைக்கலாம். வெளியாருக்குப் பதில் சொல்லும் கடமை உங்களிடமே நிற்கும். அதனால்தான் ஒப்படைத்த பிறகும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முடிவுகளைத் திரும்பப் பிடுங்குவது அதற்குத் தேவையில்லை. வாரம் ஒரு முறை, ஒரு பக்கம்: எத்தனை ரோல் நிராகரிக்கப்பட்டது, எத்தனை முறை வரம்புக்குள் கூடுதல் செலவு ஆனது, எந்தத் தேதி நழுவுகிறது. மூன்று மாதமாக ஒரு ரோல்கூட நிராகரிக்கப்படவில்லை என்றால் துணி திடீரென்று சிறந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அவர் இன்னும் பயப்படுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதிகாரம் திரும்பி மேலே ஏறுவதைக் கண்டுபிடிக்க இன்னொரு அடையாளமும் உண்டு. மேனேஜர் உங்களிடம் பிரச்சினையோடு மட்டும் வந்து, உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பதில் உங்களுக்குத் தெரிந்தாலும் சொல்லாதீர்கள். ‘இது உங்கள் வரம்புக்குள்தானே இருக்கிறது, என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். நீங்கள் ஒரு முறை பதில் சொன்னால் அந்த முடிவு மறுபடி உங்களுடையது. அப்பா இன்னும் ஆலைக்கு வருகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. வந்தால், அவரிடமும் வரம்புகளை எழுதிய தாளின் ஒரு பிரதி இருக்கட்டும். பழைய ஆட்கள் மேனேஜர் மறுத்ததை அவரிடம் போய்க் கேட்டு வாங்குவார்கள், அவர் அன்பாகத்தான் கொடுப்பார்.

மேனேஜரை மாற்றுவது பற்றி இப்போதைக்கு நினைக்க வேண்டாம். அதிகாரத்தோடு ஆறு மாதம் அவரைப் பார்க்காமல் அவர் திறமையை நீங்களும் நானும் எடைபோட முடியாது. புதியவர் வந்தாலும் அதே நான்கு வழிகள்தான் அவர் முன்னால் இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இந்த வாரமே மாமாவின் பட்டறைக்குப் போங்கள், மேனேஜரையும் கூட அழைத்துக்கொண்டு. ‘மாமா, இனிமேல் துணி சரியில்லை என்று இவர் சொன்னால் அது நான் சொன்ன மாதிரி. மறுசாயத்துக்கு யார் பணம் என்பதை நாம் இரண்டு பேரும் பிறகு பேசிக்கொள்ளலாம், வண்டி மட்டும் அன்றைக்கே திரும்பிவிட வேண்டும்’ என்று அவர் முன்னிலையிலேயே சொல்லுங்கள். மாமா இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால், மேனேஜருக்கு நீங்கள் எழுதப்போகும் தாளில் ‘துணி’ என்ற வரியை அடித்துவிட்டு, அந்தப் பொறுப்பையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.